வகுப்பறைப் பேச்சை யார், எப்படிக் கணிப்பது? நான்கு படிவங்களும் என் தெரிவும்

தரம் 10 தமிழ்மொழிமூல வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 36 பிள்ளைகள். ஒவ்வொருவரும் முன்னால் வந்து நான்கு நிமிடம் பேச வேண்டும். கேட்பவர்கள் அந்தப் பேச்சைக் கணிக்க வேண்டும், பேசியவரும் தன்னைத் தானே கணிக்க வேண்டும். பாடவேளை 40 நிமிடம். பேச்சுக்கு நான்கு, படிவம் நிரப்ப இரண்டு என்று வைத்தால் ஒரு பாடவேளையில் ஆறு பேர்தான் பேசலாம். ஆக, ஆறு பாடவேளைகள் இதற்கே போய்விடும். அவ்வளவு நேரத்தையும் கொடுத்த பிறகு பிள்ளையின் கையில் மிஞ்சுவது 20க்கு 17 என்ற புள்ளியும் "நன்றாகப் பேசினாய், இன்னும் முயற்சி செய்" என்ற வரியும்தான் என்றால், அந்தப் படிவம் அதன் வேலையைச் செய்யவில்லை.

கொழும்பில் இந்த வேலையைத் தொடங்கும் பல ஆசிரியர்கள் முதலில் எடுப்பது பேச்சுப் போட்டிப் புள்ளித் தாளைத்தான். தமிழ்மொழித்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்திப் பழகியவர்களுக்கு அது கைவசம் இருக்கும்: பொருள், மொழிநடை, உச்சரிப்பு, குரல் ஏற்ற இறக்கம், மெய்ப்பாடு. போட்டியில் நடுவர்கள் அனுபவமுள்ளவர்கள். அவர்களின் வேலை முதலாமிடத்தைத் தெரிவுசெய்வது. வகுப்பறையில் கணிப்பவருக்குப் பதினைந்து வயது, கணிக்கப்படுபவர் பக்கத்து வாங்கில் இருப்பவர். நோக்கமும் வேறு: பேசிய பிள்ளை அடுத்த தடவை எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தாளை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்தால் மனனம் செய்து முழங்கும் பிள்ளைக்குப் புள்ளி குவியும். விடயத்தை யோசித்து, தயங்கித் தயங்கிச் சொல்லும் பிள்ளை பின்தங்கிவிடும்.

அந்தத் தாளில் உச்சரிப்பு என்ற வரிதான் எனக்கு மிகவும் கவலை தருவது. கொழும்பு வகுப்பறை ஒன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளையும், ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த பிள்ளையும், மருதானை முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும், கொட்டாஞ்சேனையில் பிறந்து விளையாட்டு மைதானத்தில் சிங்களத்தில் கதைக்கும் பிள்ளையும் அருகருகே இருப்பார்கள். நால்வரின் வீட்டுத் தமிழும் நான்கு விதம். "உச்சரிப்பு: 5க்கு எத்தனை?" என்று கேட்டால் பதினைந்து வயதுப் பிள்ளை தன் வீட்டுத் தமிழை அளவுகோலாக வைத்துத்தான் எண் போடும். அதில் கெட்ட எண்ணம் இல்லை, அந்த வயதில் வேறு அளவுகோல் அவரிடம் இல்லை. ஆனால் பேசிய பிள்ளைக்கு அது "உன் வீட்டுத் தமிழ் சரியில்லை" என்றுதான் போய்ச் சேரும். இந்த வரியை எடுத்துவிட்டு, "எந்த இடத்தில் சொல் கேட்கவில்லை அல்லது விளங்கவில்லை?" என்று கேட்கலாம். மின்விசிறிச் சத்தமும் காலி வீதி வாகன இரைச்சலும் உள்ள வகுப்பில் இது பயனுள்ள கேள்வி. பதிலும் பிள்ளையின் குடும்பத்தைப் பற்றியதாக இராமல் பேச்சைப் பற்றியதாக இருக்கும்.

இனி, தெரிவுகள்.

முதலாவது, ஒற்றைப் புள்ளிப் படிவம். பேச்சை முழுதாகக் கேட்டுவிட்டு 10க்கு ஓர் எண் போடுவது. மிக எளிது, அரை நிமிடம் போதும். இதை உடனே தள்ளிவிட முடியாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கல்வி ஆய்வாளர்களான ஃபால்சிகோவும் கோல்ட்ஃபிஞ்சும் உயர்கல்வியில் நடந்த 48 ஆய்வுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பகுப்பாய்வில், மாணவர் போட்ட புள்ளிக்கும் ஆசிரியர் போட்ட புள்ளிக்கும் இடையிலான இணைபு, 1 என்றால் முழு ஒற்றுமை என்ற அளவில், சராசரியாக 0.69 என்று கண்டார்கள். தனித்தனி அம்சங்களுக்கு எண் போடுவதைவிட, நன்கு விளங்கிய நியதிகளை மனதில் வைத்து மொத்தமாக ஒரு தீர்ப்புச் சொல்லும்போது அந்த ஒற்றுமை கூடுதலாக இருந்தது என்பதும் அவர்களின் முடிவு. ஆகவே தவணைப் பதிவேட்டுக்கு ஓர் எண் மட்டும் வேண்டுமென்றால் ஒற்றைப் புள்ளி மோசமான வழி அல்ல. ஆனால் 10க்கு 7 என்று கேட்ட பிள்ளையால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆசிரியரோடு ஒத்துப்போவதும் நியாயமும் ஒன்றல்ல. இருவரும் ஒரே கம்பீரமான குரலில் மயங்கியிருக்கவும் கூடும்.

இரண்டாவது, பல நியதி அட்டவணை. ஐந்து நியதிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மட்டங்கள். பாடசாலைமட்டக் கணிப்பீட்டுக்குப் பழகிய நம் ஆசிரியர்களுக்கு நன்கு தெரிந்த வடிவம் இது. கடதாசியில் பார்க்க நேர்த்தியாக இருக்கும். வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, நிரப்பிய தாள்களைக் கையில் எடுத்து எண்களை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். 4, 4, 4, 4, 4. அடுத்த தாள்: 3, 3, 3, 3, 3. உளவியலாளர் தோர்ன்டைக் 1920இல் இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகளில் கண்டது இதுவே: ஆளைப் பற்றிய பொதுவான எண்ணம் ஒன்று முதலில் உருவாகிறது, அறிவு, தோற்றம், தலைமைத்துவம் என்ற தனித்தனிப் பெட்டிகளெல்லாம் அந்த ஒரே நிறத்தில் நிரம்புகின்றன. ஐந்து பெட்டி கொடுத்ததால் ஐந்து தகவல் கிடைத்துவிடாது. இதோடு நேரப் பிரச்சினையும் சேர்கிறது. இருபது கட்டங்களில் உள்ள விவரணங்களை இரண்டு நிமிடத்தில் வாசித்து, யோசித்து, தெரிவுசெய்ய எந்தப் பிள்ளையாலும் முடியாது. வாசிக்காமல்தான் வட்டமிடுவார்கள்.

மூன்றாவது, இருவரை ஒப்பிடுதல். உளவியலாளர் தர்ஸ்டன் 1927இல் வகுத்த கொள்கையிலிருந்து வந்தது. எண் எதுவும் போடத் தேவையில்லை, "இந்த இரண்டில் எது சிறந்தது?" என்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். பலர் பல சோடிகளை ஒப்பிட்டால் ஒரு வரிசை கிடைக்கும். மனிதர் எண் போடுவதைவிட ஒப்பிடுவதைச் சீராகச் செய்வார்கள் என்பது இதன் பலம். கட்டுரைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும், இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். பேச்சு காற்றோடு போய்விடும். திங்கட்கிழமை கேட்டதையும் வியாழக்கிழமை கேட்டதையும் ஒப்பிடப் பதிவு வேண்டும், அதைத் திரும்பக் கேட்க நேரம் வேண்டும். முடிவில் கிடைப்பதும் முதலாமவர் முதல் முப்பத்தாறாமவர் வரையான ஒரு பட்டியல். போட்டிக்கு ஒருவரை அனுப்ப வேண்டுமென்றால் இதைப் பயன்படுத்துங்கள். வகுப்புக்கு வேண்டாம்.

நான்காவதுதான் என் தெரிவு. இதைச் சான்றுப் படிவம் என்று அழைக்கிறேன். இது பிள்ளையிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. காதில் விழுந்து மனதில் தங்கியது எது என்று கேட்கிறது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஆசிரியர் நியமிக்கும் ஐந்து பேர் மட்டும் இதை நிரப்புவார்கள். கேட்பவருக்கான படிவத்தில் மூன்றே கேள்விகள்:

"பேச்சாளர் நம்மை ஏற்றுக்கொள்ளச் சொன்ன முக்கியமான கருத்து என்ன? ஒரே வாக்கியத்தில் எழுதுக."

"அதற்கு அவர் தந்த ஆதாரம் அல்லது உதாரணம் ஒன்றை எழுதுக. நினைவில் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுக."

"எந்த இடத்தில் கேட்கவில்லை அல்லது விளங்கவில்லை? அந்தச் சொல்லையோ அந்தப் பகுதியையோ குறிப்பிடுக."

பேசுபவரின் சுய கணிப்பீட்டுப் படிவம் இதே படிவத்தின் பிரதியாக இருக்கக் கூடாது. வழக்கமாக ஒரே தாளை இருவருக்கும் கொடுத்து, "நீ உனக்கு எத்தனை போட்டாய், நண்பர்கள் எத்தனை போட்டார்கள்" என்று பார்ப்போம். பேச்சாளருக்குத் தன் குரல் பின்வரிசையில் கேட்டதா என்று தெரியாது, கேட்டவருக்குத் தெரியும். தான் எதைச் சொல்ல நினைத்தேன் என்பது பேச்சாளருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொருவரிடமும் அவருக்குத் தெரிந்ததைக் கேட்பதுதான் நியாயம். அதனால் சுய படிவம் இரண்டு பாதிகளாக இருக்கும். முதல் பாதியைப் பேச எழும்புவதற்கு முன் நிரப்பி ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும்: "என் முக்கிய கருத்து, ஒரே வாக்கியத்தில். என் ஆதாரம். கேட்கும் ஐந்து பேரில் எத்தனை பேர் என் கருத்தைச் சரியாக எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்?" இரண்டாம் பாதி, நண்பர்களின் ஐந்து தாள்களையும் வாசித்து, தன் பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்ட பிறகு: "உண்மையில் எத்தனை பேர் எழுதினார்கள்? முக்கிய கருத்தைப் பதிவில் எந்த நிமிடத்தில் சொல்கிறேன்? எத்தனை தடவை? அடுத்த பேச்சில் மாற்றப்போகும் ஒன்று."

ஐந்தில் எத்தனை பேர் என்ற அந்த ஊகம்தான் சுய கணிப்பீட்டின் உயிர்நாடி. சுய கணிப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஃபால்சிகோவும் பௌடும் 1989இல் வெளியிட்ட பகுப்பாய்வில் மாணவர் தமக்குத் தாமே போட்ட புள்ளிக்கும் ஆசிரியர் புள்ளிக்கும் இணைபு சராசரியாக 0.39 மட்டுமே. அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, திறமையான மாணவர்கள் தம்மைக் குறைத்தும் பின்தங்கியவர்கள் தம்மைக் கூட்டியும் மதிப்பிடும் போக்கைக் காட்டியது. "உனக்கு நீ எத்தனை போடுவாய்" என்று கேட்டால் அடக்கமும் தன்மானமும் பதிலில் கலந்துவிடும். "ஐந்தில் எத்தனை பேருக்கு விளங்கும்" என்று கேட்டால் விடை அரை மணித்தியாலத்தில் கண்முன் வந்துவிடும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளை தானே எண்ணிப் பார்க்கலாம். அடுத்த தவணையில் அந்த வித்தியாசம் குறைகிறதா என்பதே பிள்ளை தன்னைக் கணிக்கப் பழகுகிறதா என்பதற்கு அடையாளம்.

ஒரு பேச்சை எடுத்துப் பார்ப்போம். மாணவி ஒருவர் கொழும்பிலுள்ள பேரை வாவி பற்றிப் பேசுகிறார். முன்கூட்டி எழுதிக் கொடுத்த வாக்கியம்: "வாவியைத் துப்புரவு செய்வதற்கு முன், கழிவுநீர் வந்து விழும் வழிகளை அடைக்க வேண்டும்." ஊகம்: ஐந்தில் ஐந்து. நல்ல குரல், தாளைப் பார்க்காமல் பேச்சு, வாவியின் வரலாற்றிலிருந்து தொடங்கி, பச்சை நிறத்தை வர்ணித்து, கழிவில் வரும் நைதரசனும் பொசுபரசும் அல்காக்களை எப்படிப் பெருகச் செய்கின்றன என்று விளக்கி, கைதட்டலோடு முடிக்கிறார். பல நியதி அட்டவணையில் இவருக்கு 20க்கு 18 கிடைத்திருக்கும்.

ஐந்து தாள்கள் வருகின்றன. "கழிவுநீரை முதலில் நிறுத்த வேண்டும்." "கழிவு வருவதை நிறுத்தாமல் துப்புரவு செய்து பயனில்லை." இவை இரண்டும் பொருந்துகின்றன. "பேரை வாவி மிகவும் அசுத்தமாக உள்ளது." "நாம் சுற்றாடலைப் பாதுகாக்க வேண்டும்." "பேரை வாவியின் வரலாறு." இந்த மூன்றும் பொருந்தவில்லை. ஐந்தில் இரண்டு.

"மிஸ், நான் அதைத்தானே சொன்னேன்!" என்பார் மாணவி. சொன்னார்தான். ஒலிப்பதிவைக் கேட்டால் மூன்று நிமிடம் இருபது செக்கனில், ஒரே ஒரு தடவை, முடிவுரைக்குள் விரைவாக. முதல் மூன்று நிமிடமும் கேட்டவர்கள் எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டிருக்கிறார்கள். இனி அவர் செய்ய வேண்டியதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை: கருத்தை முதல் நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டும், வரலாற்றைச் சுருக்க வேண்டும், முடிவில் கருத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். 18 என்ற எண் இதில் எதையும் காட்டியிராது.

பொருந்துகிறதா என்று தீர்ப்பதில் ஒரு விதி மட்டும் வைத்திருங்கள். தலைப்பைச் சொல்லும் வாக்கியம் பொருந்தாது, அதே நிலைப்பாட்டைச் சொல்லும் வாக்கியமே பொருந்தும். சொற்கள் வேறாக இருக்கலாம். இந்தத் தீர்ப்பைப் பேச்சாளரிடம் விட்டால் தாராளமாக நடந்துகொள்வார். ஆசிரியர் செய்ய வேண்டும், ஐந்து வாக்கியங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

நட்பும் பகையும் இந்தப் படிவத்தில் நுழைவது கடினம், நுழையவே முடியாது என்றில்லை. நண்பனின் கருத்து மனதில் தங்காதபோது அதை எழுத முடியாது; ஆனால் பேச முன்பே "நான் இதைத்தான் சொல்லப்போகிறேன்" என்று காதில் போட்டுவிட்டால் எழுதிவிடலாம். அதனால் கேட்பவர்களை ஆசிரியர் நியமிக்க வேண்டும், அதுவும் அன்றைய பாடவேளை தொடங்கும்போதுதான் அறிவிக்க வேண்டும். இடாப்பு இலக்கத்தை வைத்து எளிதாகச் செய்யலாம். பேச்சாளரின் இலக்கத்தோடு 8, 11, 16, 22, 29 ஆகியவற்றைக் கூட்டுங்கள், 36ஐத் தாண்டினால் 36ஐக் கழியுங்கள். 1ஆம் இலக்கத்தை 9, 12, 17, 23, 30 ஆகியோர் கணிப்பார்கள். 30ஆம் இலக்கத்தை 2, 5, 10, 16, 23 ஆகியோர். 30 என்பவர் 1ஐக் கணிக்கிறார், ஆனால் 1 என்பவர் 30ஐக் கணிப்பதில்லை. இந்த எண்களைத் தெரிவுசெய்ததே அதற்காகத்தான்: எந்த இருவரும் ஒருவரையொருவர் கணிக்க நேராது, "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்ற பேரத்துக்கு இடமில்லை. ஒவ்வொருவரும் சரியாக ஐந்து பேரைக் கணிப்பார்கள். இடாப்பு வரிசையில் நாளுக்கு ஆறு பேர் பேசினால், தான் பேசும் நாளில் எவரும் பிறரைக் கணிக்க வேண்டியதும் இராது. நியமிக்கப்பட்ட ஐந்து பேரில் இருவரையாவது பின்வரிசையில் இருத்துங்கள், மூன்றாவது கேள்விக்கு அங்கிருந்துதான் நல்ல பதில் வரும்.

பாடசாலை இதிலிருந்து புள்ளி கட்டாயம் வேண்டும் என்று சொன்னால்? சகபாடிகளின் படிவம் நேரடியாகப் புள்ளியாக மாறுவதை நான் ஆதரிக்கவில்லை. பதிவேட்டில் ஏறும் என்று தெரிந்த உடனே பிள்ளைகள் எழுதுவது மாறிவிடும். புள்ளியை ஆசிரியர் தன் கணிப்பில் போடட்டும். கணித்தவரின் தாளில் உள்ள குறிப்புகள் எவ்வளவு திட்டவட்டமானவை என்பதற்குக் கணித்தவருக்கும் சிறு புள்ளி கொடுக்கலாம். "சில இடம் விளங்கவில்லை" என்பதைவிட "அல்கா என்ற சொல் வந்த இடம் விளங்கவில்லை" என்பதற்குக் கூடுதல் புள்ளி. எப்படியும் சகபாடிகளின் எண்ணைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் சராசரியை எடுக்க வேண்டாம், இடையத்தை எடுங்கள். ஐந்து பேர் 20க்கு 14, 15, 15, 16, 6 என்று போட்டால் சராசரி 13.2. ஒரேயொருவரின் கோபம் கிட்டத்தட்ட இரண்டு புள்ளியைத் தின்றுவிட்டது. இடையம் 15.

இந்தப் படிவத்துக்கு ஒரு பயிற்சிப் பாடவேளை அவசியம், ஆக மொத்தம் ஏழு. அதில் ஆசிரியரே இரண்டு பேச்சுப் பேசிக் காட்டட்டும். ஒன்று அழகான தமிழில், ஏற்ற இறக்கத்தோடு, ஆனால் எந்த நிலைப்பாடும் இல்லாமல். மற்றது தடுமாறித் தடுமாறி, ஆனால் ஒரே கருத்தும் ஒரே உதாரணமும். இரண்டுக்கும் வகுப்பு முழுவதும் படிவம் நிரப்பட்டும். முதல் பேச்சுக்கு ஆளுக்கொரு வாக்கியமும் இரண்டாவதுக்கு ஏறக்குறைய ஒரே வாக்கியமும் வருவதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்ப்பார்கள். இதைச் செய்யாமல் நேரே தொடங்கினால் முதல் இரண்டு நாளும் தாள்களில் தலைப்புகள்தான் எழுதப்பட்டிருக்கும்.

ஒலிப்பதிவுக்கு ஆசிரியரின் கைத்தொலைபேசி போதும். காணொளி வேண்டாம் என்பேன். தன் முகத்தைப் பார்க்கும் பிள்ளை தன் தலைமுடியைத்தான் பார்க்கும், பெற்றோரின் அனுமதியும் தனியே கேட்க வேண்டியிருக்கும். குரல் பதிவைப் பிள்ளை கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள்.

சான்றுப் படிவம் எங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். கதை சொல்லல், கவிதை வாசிப்பு, நன்றியுரை போன்றவற்றில் ஒற்றை நிலைப்பாடு இராது, முதல் கேள்வியே பொருந்தாமல் போகும். குழு முன்வைப்பில் வாக்கியம் பொருந்தியது யாருடைய முயற்சியால் என்று பிரிக்க முடியாது. எழுத்தில் பின்தங்கிய பிள்ளை பேச்சை நன்கு விளங்கியும் வாக்கியமாக எழுதத் திணறலாம். அவர் ஆசிரியரிடம் வந்து வாயால் சொல்லட்டும், ஆசிரியர் எழுதிக்கொள்ளட்டும். கவனியாத பிள்ளையின் தாளும் ஒன்றிரண்டு வரும். ஐந்தில் நான்கு பொருந்தி ஒன்று மட்டும் விலகினால் அது கேட்டவரின் பக்கம், பேச்சாளரிடம் குறை தேட வேண்டாம்.

படிவம் பழுதடைவதையும் தாள்களே காட்டிவிடும். எல்லாப் பேச்சுக்கும் ஐந்தில் ஐந்து பொருந்தினால் தலைப்புகள் மிக எளிதாகிவிட்டன, அல்லது வாக்கியங்கள் முன்கூட்டியே கசிகின்றன. மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் "எல்லாம் விளங்கியது" என்று எழுதத் தொடங்கினால் பிள்ளைகள் ஒருவரையொருவர் காப்பாற்றுகிறார்கள். அப்போது அந்தக் கேள்வியை "எந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்க நினைத்தாய்?" என்று மாற்றிப் பாருங்கள், குறை சொல்லத் தயங்கும் பிள்ளைகூடக் கேள்வி ஒன்றை எழுதிவிடும், பேச்சாளருக்கு வேண்டிய தகவல் அதே வழியில் வந்து சேரும்.